ஒரே வரியில் எழுதிய நிலநடுக்கம்

நிலம் அதிர்ந்த அன்று என் நாட்குறிப்பில் முதலில் எழுதியது நேரத்தை. முற்பகல் பத்து நாற்பத்திரண்டு. அதன் கீழே, "நாற்காலியின் பின்கால்களை யாரோ ஒருமுறை தட்டியது போல. இரண்டு அல்லது மூன்று விநாடி. தேநீரில் சிறு வட்டங்கள்" என்று இருக்கிறது. மாலை வானொலிச் செய்தி கேட்டபின் கறுப்பு மையால் 3.2 என்று எழுதி, அடிமட்டம் வைத்து அதன் கீழ் ஒரு கோடும் இழுத்தேன். அந்தக் கோட்டை இழுத்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது நினைவிருக்கிறது. நாள் முழுக்க ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த விஷயம் ஓர் எண்ணில் அடங்கிவிட்டது.

மாத்தளை நகரத்து அரச அலுவலகம் ஒன்றில் இடர் நிவாரணக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. எங்கள் பக்கம் இடர் என்றால் பெரும்பாலும் மழை, மண்சரிவு, வறட்சி, யானை. நிலநடுக்கத்துக்கு என் அல்மாரியில் அதுவரை ஒரு கோப்பே இல்லை. மறுநாள் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மக்களிடம் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். அதிர்வை உணர்ந்தீர்களா? வீட்டுக்குள்ளா, வெளியிலா? நின்றீர்களா, படுத்திருந்தீர்களா? தொங்கும் பொருள் ஆடியதா? பாத்திரம் விழுந்ததா? சுவரில் வெடிப்பு உண்டா? இப்படி இரண்டு பக்கம். கடைசியில் "தீவிரம்: அலுவலகப் பயன்பாட்டுக்கு" என்று ஒரு வெற்றுக் கட்டம்.

வெற்றுக் கட்டம் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஒன்று. நிரம்பாத கட்டம் உள்ள தாள் என் மேசையிலிருந்து வெளியே போனதில்லை.

படிவங்கள் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தன. கலேவெலப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் எல்லாரும் "உணரவில்லை" என்றே எழுதியிருந்தார்கள். பல்லேபொலவில் சிலர், அதுவும் உட்கார்ந்தோ படுத்தோ இருந்தவர்கள் மட்டும், லேசாக உணர்ந்திருந்தார்கள். பல்லேகம போகும் வழியில் மலைமேல் இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து பதினெட்டுப் படிவங்கள். அவற்றில் பன்னிரண்டு மேல் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளும், தோட்ட மேலாளரான துரையின் பங்களாப் பக்கமும். "லாரி போன மாதிரி", "லேசாக". மிச்சம் ஆறும் கீழ் லயம். தட்டு விழுந்தது, பயந்து வெளியே ஓடினோம், பிள்ளைமடுவத்துச் சுவர் வெடித்தது.

தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் பிள்ளைமடுவம். கீழ் லயத்தின் கோடியில் இருந்தது.

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பத்து நிமிட நடை. ஒரே தோட்டம், ஒரே நிலநடுக்கம், எண் ஒன்று. அப்படியிருக்க ஆறு பேர் மட்டும் வேறு சொன்னால் அந்த ஆறு பேர்தான் கூட்டிச் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தேன். தோட்டத்துக்கு ஒரு வரி என்று சுருக்க அட்டவணை தயாரித்தேன். "பெரும்பாலானோர் லேசாக உணர்ந்தனர்." தீவிரம் என்ற கட்டத்தில் எல்லா ஊர்களுக்கும் நேராக 3.2 என்று எழுதினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே எண், ஒரே நேர்கோட்டில். அழகாகத்தான் இருந்தது. பிரதிகளை உரிய இடங்களுக்கு அனுப்பினேன். தோட்ட அலுவலகத்துக்கும் ஒன்று போனது.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் அந்தப் பிரதியை மடித்துப் பிடித்தபடி என் மேசைக்கு முன் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"இத எழுதினது நீங்கதானா மிஸ்?"

"ஆமா. உக்காருங்க. எங்கேருந்து வர்றீங்க?"

"உக்கார நேரமில்ல மிஸ். பதினொரு புள்ளைய கோயில் மண்டபத்துல விட்டுட்டு வந்திருக்கேன். நான் மடுவத்துல புள்ளைங்கள பாக்குறவ." தாளை மேசையில் விரித்தார். "இதுல எங்க மடுவம் எந்த எடத்துல இருக்கு?"

தோட்டத்தின் பெயருள்ள வரியைக் காட்டினேன்.

"அது தோட்டம். நான் கேட்டது மடுவம். பின்சொவரு மேலேருந்து வெடிச்சிருக்கு. அன்னைக்கே புள்ளைங்கள வெளிய தூக்கிட்டேன். இப்ப பெரிய கிளாக்கர் கூப்புட்டு, 'கவர்மெண்டே லேசுன்னு எழுதியிருக்கு, வர்ற திங்கக்கெழம புள்ளைங்கள உள்ள கொண்டு போ, இல்லாட்டி வேற ஆளப் போடுறோம்'னு சொல்றாரு. மழ வேற வரப்போவுது. அந்தச் சொவரு பக்கத்துல நான் எப்புடி மிஸ் தொட்டில் கட்டுறது?"

"நீங்க சொல்றது புரியுது. ஆனா நிலநடுக்கம் ஒண்ணுதானே வந்துச்சு. அதுக்கு நம்பர் ஒண்ணுதான். மேல் லயத்துல லேசா இருந்தது கீழ மட்டும் எப்படி…"

"அது எனக்குத் தெரியாது. நான் படிக்கல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நாலு தொட்டில் கட்டியிருந்தேன். யாரும் தொடாம நாலும் ஒரே பக்கமா ஆடுச்சு. அலமாரித் தட்டுலேருந்து பால் குடிக்கிற கோப்பை எல்லாம் கீழ விழுந்துச்சு. அத எழுதித்தான் குடுத்தேன். அந்தத் தாள் எங்க?"

அல்மாரியில் இருக்கிறது என்றேன். "அப்ப அத யாரும் படிக்கல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை தொடங்க முன் ஒரு ஆள் வந்து சுவரைப் பார்த்தால் போதும், இடிந்துவிடும் என்று அந்த ஆள் சொன்னால் கேட்பேன், இடியாது என்று சொன்னாலும் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அன்றைய நாட்குறிப்பில் அவர் வந்த நேரமும் போன நேரமும் மட்டும் இருக்கின்றன. பேசியதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் படிவங்களைப் பார்க்கத் தலைமையகம் அனுப்பிய புவிச்சரிதவியல் ஆய்வாளர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், செம்மண் படிந்த சப்பாத்து, பேசியது சிங்களத்தில். என் அட்டவணையை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரலை அந்த நேர்கோட்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழ்வரை இழுத்தார்.

"இந்தத் தசமப் புள்ளியை யார் போட்டது?"

"நான்தான். வானொலியில் சொன்னது."

"தீவிரத்துக்கு எங்கள் முறையில் தசமம் கிடையாது மிஸ். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை படி. ரோமன் எழுத்தில் எழுதுவோம், இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான்." சிரித்தார். "அப்படியும் வந்துவிட்டது."

வானொலியில் சொன்ன எண் என்ன என்று கேட்டேன். அது பருமன் என்றார். பூமிக்குள் பாறை நழுவிய இடத்தில் எவ்வளவு பெரிதாக நழுவியது என்பதன் அளவு அது. கருவிகள் வரைந்த கோட்டிலிருந்து கணக்கிடுவது. பக்கத்து நிலையத்தில் கோடு பெரிதாக ஆடும், தூரத்து நிலையத்தில் சிறிதாக ஆடும். ஆனால் ஒவ்வொரு நிலையமும் தனக்குள்ள தூரத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்தும்போது, எல்லாமே ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்து நிற்கும். அவற்றின் சராசரிதான் ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண். அந்த எண் கலேவெலவுக்கும் அதுதான், கொழும்புக்கும் அதுதான், ஏனென்றால் அது எந்த ஊரைப் பற்றியும் சொல்வதில்லை.

"தீவிரம் ஊரைப் பற்றியது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது. தூரம், ஆழம், அடியில் இருப்பது பாறையா மண்ணா, எல்லாம் சேர்ந்து வரும். அதனால் ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரிலும் மாறும். ஓர் இடத்துப் படிவங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து அந்தக் கட்டத்தை நான் நிரப்ப வேண்டும். நீங்கள் நிரப்பிவிட்டீர்கள்."

அந்த நிமிடம் நான் சும்மா இருந்திருக்கலாம். அட்டவணையைத் திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். கோப்பு என் அல்மாரியில், சாவி என் கைப்பையில். ஆனால் கோயில் மண்டபத்துப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி முதல்நாள்தான் கேட்டிருந்தேன். எழுந்துபோய் மூலப் படிவங்களைக் கொண்டுவந்து வைத்தேன். தோட்டத்துப் பதினெட்டையும் அவர் இரண்டாகப் பிரித்தார், மேல் லயம் ஒரு பக்கம், கீழ் லயம் ஒரு பக்கம். கீழ் லயத்து ஆறையும் இரண்டு தடவை படித்தார்.

"இதை ஏன் விட்டீர்கள்?"

"மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன்."

அவர் கீழ் லயத்து ஆறையும் தனியே அடுக்கி எடுத்துக்கொண்டார். "வண்டி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் அலுவலகச் சாரதி பேசாமல் வண்டி ஓட்டுகிற ஆள் இல்லை. ஆய்வாளரும் நானும் பின்னால் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், மலை ஏறத் தொடங்கியதும் கண்ணாடியில் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்:

"வெளங்கிருச்சு சேர். கல்யாண வீட்டுச் சோறு மாதிரி. ஒரே கெடாரத்துல ஆக்குனது, ஒருத்தருக்கு உப்பு கூட, ஒருத்தருக்குக் கொறைய."

"பாதி சரி" என்றார் ஆய்வாளர். "நான் நாக்கைக் கேட்கவில்லை. கோப்பை விழுந்ததா என்று கேட்கிறேன். கோப்பைக்குப் பயம் தெரியாது, பொய்யும் தெரியாது."

"எங்க வீட்டுக் கோப்பைக்கு என் பொஞ்சாதியோட கையில மட்டும்தான் சேர் பயம்."

மேல் லயத்தில் முதலில் இறங்கினோம். பங்களாவும் மேல் லயமும் ஒரே பாறை முதுகில் இருந்தன. முற்றத்திலேயே கரும்பாறை வெளியே தெரிந்தது. ஆய்வாளர் எதையும் எடுத்துக்கொடுக்காமல் கேட்டார். "ஆடியதா?" என்று கேட்கவில்லை. "அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். வீட்டில் இருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். கலண்டர் கொஞ்சம் ஆடியிருந்தது. எதுவும் விழவில்லை. யாரும் ஓடவில்லை.

பெரிய கிளாக்கர் அங்கேயே வந்து சேர்ந்துவிட்டார். தோட்ட அலுவலகத்தில் தலைமை எழுத்தர் பதவி அவருக்கு. என்னைப் பார்த்து, "மிஸ்ஸே எழுதிட்டீங்களே, பொறவு என்ன?" என்றார். ஆய்வாளரிடம் சிங்களத்தில், "சேர், பங்களாவில் ஒரு க்ளாஸ்கூட ஆடவில்லை. கீழ் லயத்து ஆட்களுக்கு மட்டும் தனியாக ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது போல" என்றார்.

"ஒன்றுதான் வந்தது" என்றார் ஆய்வாளர். "வாருங்கள், அது அங்கே எப்படி வந்தது என்று பார்ப்போம்."

"நேற்றுச் செய்தியில் அந்த எண்ணையே குறைத்துவிட்டார்கள் சேர். மூன்று தசம் இரண்டு இப்போது மூன்று."

அது எனக்குப் புதிது. கறுப்பு மையால் எழுதி அடிக்கோடு இட்டது நினைவுக்கு வந்து கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"மற்ற நிலையங்களின் பதிவும் சேர்ந்ததும் நாங்கள்தான் திருத்தினோம்" என்றார் ஆய்வாளர். "அதற்காக விழுந்த கோப்பை அலமாரிக்குத் திரும்பப் போகாது."

கீழ் லயத்துக்குப் போகும் படிகளில் இறங்கும்போதே நிலம் மாறியது. பாறை மறைந்து மண் மட்டும் இருந்தது. பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கிய இடம் என்று பிறகு தெரிந்தது. மடுவம் அந்த நிரவலின் விளிம்பில் நின்றது, அதன் பின்னால் சரிவு. ஆய்வாளர் குதிக்காலால் தரையை இரண்டு இடத்தில் மிதித்துப் பார்த்தார். மேலே இருக்கும் பாறை அதிர்வை அப்படியே கடத்திவிடும், இப்படித் தளர்ந்த மண் அதைப் பெரிதாக்கும் என்றார். இரண்டு லயமும் நடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். நடந்தது வேறு.

மடுவத்துப் பெண் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை, "வந்துட்டீங்களா" என்றார். ஆய்வாளர் தொட்டில்களைப் பற்றிக் கேட்டார். அவர் உத்தரத்திலிருந்து தொங்கிய கயிற்றில் ஒரு சேலையைக் கட்டி, கையால் தள்ளிக் காட்டினார்.

"இம்புட்டு தூரம் சேர். கொறச்சும் சொல்லல, கூட்டியும் சொல்லல. மலப்பக்கமா போயி வந்துச்சு. ரெண்டுல புள்ள இருந்துச்சு, ரெண்டு வெறுந்தொட்டில்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

ஆய்வாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் ஒரு நிமிடம் என்றுதான் சொல்வார்கள். அதைக் கணக்கில் எடுக்கமாட்டேன். தொட்டிலை எடுப்பேன்."

பின்சுவருக்குப் போனோம். வெடிப்பு தரைக்குச் சற்று மேலிருந்து கூரைக்குச் சற்றுக் கீழ்வரை ஓடியது. பெரிய கிளாக்கர் முன்னே போய் அடிப்பகுதியைக் காட்டினார். "இத பாருங்க. ஒட்டடை, பாசி. இது எத்தன வருச வெடிப்பு! நான் சொல்லல?"

அவர் சொன்னது பொய் இல்லை. அடிப்பகுதி பழையதுதான், உள்ளே கறுத்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இறுகிப்போனது. ஆய்வாளர் ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டு ஏறி, மேல்பகுதியை டோர்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். அரை உயரத்துக்கு மேல் வெடிப்பின் ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருந்தது. உள்ளே ஒட்டடை இல்லை, கறுப்பு இல்லை, உடைந்த சாந்தின் வெள்ளை நிறம் அப்படியே இருந்தது.

"கீழ்ப்பாதி பழையது, மேல்பாதி புதியது" என்றார். "பலவீனமான சுவர், தளர்ந்த மண். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது."

"பழசுன்னா என்ன, புதுசுன்னா என்ன சேர்" என்றார் அந்தப் பெண். "புள்ளைங்க தலைக்கு நேராத்தான இருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். ஆய்வாளர் டோர்ச்சை அணைத்தார். தன் வேலை அதிர்வின் தீவிரத்தைக் குறிப்பது, சுவர் நிற்குமா, சரிவு தாங்குமா என்று தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை, அதற்கு வேறு பிரிவு இருக்கிறது என்று விளக்கினார். ஆனால் அவர்கள் எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதைத் தீவிர வரைபடத்தைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். இப்போது அந்த வரிசையில் இந்தத் தோட்டமே இல்லை.

ஏன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன், தமிழில், அந்தப் பெண்ணிடம். "ரெண்டு லயத்தையும் சேத்து ஒரே வரியா எழுதினது நான்தான். நீங்க எழுதிக் குடுத்தத நான் நம்பல."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி மிஸ். இப்ப பிரிச்சு எழுதுங்க."

பெரிய கிளாக்கர் முன்னாலேயே, மடுவத்து வாசற்படியில் உட்கார்ந்து, புதிய அட்டவணையை எழுதினோம். நான் இடத்தை எழுத, ஆய்வாளர் அந்தக் கட்டத்தை நிரப்பினார். கலேவெல I, பல்லேபொல II, மாத்தளை நகரம் III, தோட்டத்து மேல் லயம் III, தோட்டத்துக் கீழ் லயம் V. பருமனுக்கு மேலே தனியாக ஒரே ஓர் இடம் விட்டு 3.0 என்று எழுதினார். நான் கலேவெலவில் யாரும் உணரவில்லையே, அதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்டேன். அங்கே யாரும் உணரவில்லை என்பதும் ஒரு தகவல்தான், அதிர்வு எங்கே முடிந்தது என்று அதுதான் காட்டும் என்றார்.

புறப்படும் முன் வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் சிறு குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதினேன். வெடிப்பு கோட்டைத் தாண்டி வளர்ந்தால் உடனே எனக்குப் போன் செய்யும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இது வேற நல்லாருக்கு, சொவத்துலயும் டயரி" என்றார் சாரதி. அந்தப் பெண் முதல்தடவையாகச் சிரித்தார்.

அலுவலகத்தில் திருத்தக் கடிதம் எழுதும்போது என் மேலதிகாரி, "தட்டச்சுப் பிழை என்று போடுங்கள், போதும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போடவில்லை. கீழ் லயத்துப் பதில்களை மிகை எனக் கருதிச் சேர்த்து எழுதியது என் தவறு என்றும், பருமனைத் தீவிரக் கட்டத்தில் எழுதியதும் நானே என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். பிரதி தோட்ட அலுவலகத்துக்கும் போனது. அதன் பிறகு திங்கட்கிழமை வந்தது, பெரிய கிளாக்கர் மடுவத்துப் பெண்ணை எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் கோயில் மண்டபத்திலேயே இருந்தார்கள்.

சரிவைப் பார்க்கும் பிரிவிலிருந்து இரண்டு பேர் மழை தொடங்குவதற்கு ஆறு நாள் முன்னால் வந்தார்கள். பென்சில் கோட்டைத் தாண்டி வெடிப்பு ஒரு விரல் அகலம் வளர்ந்திருந்ததை அவர்கள்தான் அளந்தார்கள். மடுவத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். சுவர் இன்றுவரை திருத்தப்படவில்லை. புது மடுவம் கட்டுவது பற்றிக் கடிதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அவற்றில் சில நான் எழுதியவை. மேல் லயத்தில் காலியாகக் கிடந்த இரண்டு காம்பரா அறைகளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள்.

மழை பிடித்த இரண்டாம் நாள் ஒரு வேலையாக அங்கே போனேன். பாறைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு தொட்டில்கள் உத்தரத்தில் கட்டியிருந்தன, மூன்றில் பிள்ளைகள் தூங்கின. மடுவத்துப் பெண் நாலாவது, வெறும் தொட்டிலின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கனயும் ஆடுமா மிஸ், திரும்ப வந்தா?"

"ஆடும். ஆனா கீழ ஆடின அளவுக்கு ஆடாது. அதே நம்பரா இருந்தாலும்."

"அந்த நம்பர நீங்களே வச்சுக்கங்க" என்றார். "எனக்கு இந்த எடத்துல என்ன ஆகும்னு தெரிஞ்சாப் போதும்." தொட்டிலை ஒருமுறை தள்ளிப் பார்த்து, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பின் பழைய பக்கத்தைத் திருப்பினேன். 3.2 என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே 3.0 என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அதன் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. "கீழ் லயம்: நாலு தொட்டிலும் மலைப்பக்கமாக ஆடின" என்று எழுதினேன். எழுத்து ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. அப்படியே விட்டேன்.